சர்க்கரை, தண்ணீர், காற்று என்று சொன்னேன், ஒன்றை விட்டுவிட்டேன்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

சமையல் குறிப்பு தேடி வருகிறவர்களுக்கு இதில் குறிப்பும் இருக்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல. வீட்டில் மார்ஷ்மெல்லோ செய்து அடுத்தவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள், அதில் போடும் ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்பதை யாரும் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டும். இதுதான் என் கட்சி. போன மே மாதம் வரை எனக்கு இப்படி ஒரு கட்சி இருக்கவில்லை. அது எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன்.

முப்பத்தோரு வருஷம் வேதியியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்றபின் தூத்துக்குடியில் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, அவர்கள் வராவிட்டால் எனக்குத்தான் பொழுது போகாது. மே விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். போனில் ஏதோ ஒரு வீடியோவைக் காட்டி, "தாத்தா, இதை நாம செய்யலாமா?" என்றாள். வெள்ளையாக, பஞ்சுத் தலையணை மாதிரி ஒரு மிட்டாய். அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்புகிறது. வேதியியல்காரனுக்கு அதைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

முதல் தடவை வீடியோவில் சொன்னபடியே செய்தோம். "பாகை அஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்க" என்று அந்த அம்மா சொன்னார். எந்த அடுப்பில், எவ்வளவு பெரிய பாத்திரத்தில் என்று சொல்லவில்லை. எங்கள் பாகு கம்பிப் பதத்தில் நின்றுவிட்டது. அடித்தபோது வெள்ளையாகப் பொங்கி அழகாகத்தான் இருந்தது. ராத்திரி தட்டில் ஊற்றி வைத்தோம். காலையில் பார்த்தால் அடியில் தண்ணீர் கோத்து, மேலே சோப்பு நுரை மாதிரி வழுக்கிக்கொண்டு கிடந்தது. கத்தி வைத்தால் கத்தியோடு வந்தது.

நம் ஊர் அம்மாக்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், கடலை மிட்டாய் பல்லில் ஒட்டும். மார்ஷ்மெல்லோவும் பாகுப் பலகாரம்தான். பாகில் வெப்பமானி காட்டுகிற டிகிரி உண்மையில் அதில் மிச்சம் இருக்கும் தண்ணீரின் கணக்கு. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அதற்கு மேலே போய்க் கொதிக்கும். தண்ணீர் ஆவியாகி வெளியேற வெளியேற, கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். கம்பிப் பதம் 105, 110 டிகிரிப் பக்கம். மார்ஷ்மெல்லோவுக்கு வேண்டியது அதைத் தாண்டி, 115இலிருந்து 120க்குள். வெப்பமானி இல்லாதவர்கள் அதிரசத்துக்குச் செய்வது போல ஒரு துளியைப் பச்சைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். விரலால் கூட்டினால் உருண்டையாக வரவேண்டும். தண்ணீரை விட்டு எடுத்தபிறகும் சப்பென்று பரவாமல் உருண்டையாகவே நிற்க வேண்டும். ஆனால் அமுக்கினால் அமுங்க வேண்டும். அதிரசப் பாகுக்கு ஒரு படி மேலே, கடலை மிட்டாய்ப் பாகுக்கு வெகு தூரம் கீழே.

வெளிநாட்டுக் குறிப்புகளில் பெரும்பாலும் 115 என்றுதான் இருக்கும். அது அவர்கள் ஊர்க் காற்றுக்குச் சரி. எங்கள் கடற்கரைக் காற்றில் உப்பு ஜாடியே நீர்த்துப் போகிறது. இங்கே 118 வரை விடுவதே நல்லது என்பது என் அனுபவம். கொடைக்கானலில் இருக்கும் நண்பர் ஒருவர் இதைப் படிப்பார், அவருக்காக ஒரு வார்த்தை: உங்கள் உயரத்தில் தண்ணீரே 93 டிகிரிப் பக்கம் கொதித்துவிடும். ஆகவே அந்த ஏழு டிகிரியை எல்லாக் கணக்கிலிருந்தும் கழித்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

இரண்டாம் தடவை ஒழுங்காக அளந்து செய்தோம். அளவைச் சொல்லிவிடுகிறேன், வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஜெலட்டின் தூள் 20 கிராம். அதை 100 மில்லி பச்சைத் தண்ணீரில் தூவிப் பத்து நிமிஷம் ஊறவிட்டோம். குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும். வெந்நீரில் கொட்டினால் மேல்தோல் கட்டிப்போய் உள்ளே மாவு மாவாக நிற்கும். அந்தக் கட்டி கடைசிவரை கரையாது. இன்னொரு பாத்திரத்தில் சர்க்கரை 300 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 200 கிராம், தண்ணீர் 100 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு.

லிக்விட் குளுக்கோஸ் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சர்க்கரை மட்டும் போட்டால் ஆறும்போது மறுபடி படிகமாகி, பல்லில் நறநறக்கும். ஜாமூன் பாகில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுகிறோமே, அதுவும் இதே காரணத்துக்குத்தான். சர்க்கரை கரையும் வரை கிளறலாம். கொதி வந்தபின் கரண்டியைத் தொடக்கூடாது.

118 வந்ததும் அடுப்பை அணைத்து, பாகின் கொதி அடங்கும்வரை ஒரு நிமிஷம் விட்டு, ஊறிய ஜெலட்டின் இருக்கும் பெரிய பாத்திரத்தில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே பீட்டரை ஓட்டினோம். பேத்தியை இந்தக் கட்டத்தில் சமையலறை வாசலில் நிறுத்திவிட்டேன். கொதிக்கிற தண்ணீர் கையில் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். ஆய்வகத்தில் அமிலத்துக்குக் கொடுக்கிற மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும். ஜெலட்டினை முதலிலேயே பாகோடு போட்டுக் கொதிக்கவைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நெடுநேரக் கொதியில் அது வலுவிழந்து போகும். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் கட்டாது.

அடிக்கும்போது நடப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. முதலில் தேன் நிறத்தில் தண்ணீராக இருக்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில் பால் கலந்தது போல் ஆகும். ஆறேழு நிமிஷத்தில் வெளுத்து, பாத்திரத்தில் மேலே ஏற ஆரம்பிக்கும். எங்கள் கை பீட்டரில் பன்னிரண்டு நிமிஷம் பிடித்தது. எப்போது நிறுத்துவது என்பதற்குக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்க வேண்டும். பீட்டரைத் தூக்கினால் ரிப்பன் மாதிரி மடிந்து விழுந்து, விழுந்த தடம் சில நொடி அழியாமல் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தினால் ஊற்றியபிறகு இரண்டாகப் பிரியும்: அடியில் கண்ணாடி போல ஒரு ஜெல்லி அடுக்கு, மேலே நுரை. வெட்டிப் பார்த்தால் கோடு போட்டது போல் தெரியும். அதற்கு மேலும் அடித்துக்கொண்டே போனால் பாத்திரத்திலேயே கட்டிப்போய், தட்டில் ஊற்றவே வராது. அள்ளித்தான் வைக்க வேண்டும்.

எண்ணெய் தடவி, மாவு தூவிய எட்டு அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றி, மேலேயும் தூவினோம். மாவு என்றது கடையில் கார்ன் பிளவர் என்று வெள்ளை வெளேரென்று விற்கிறதே, அது. மக்காச்சோளத்திலிருந்து எடுத்த ஸ்டார்ச். மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு வேறு, அதைத் தூவிவிடாதீர்கள். கார்ன் பிளவரை வாணலியில் இளந்தீயில் நிறம் மாறாமல் சூடுபடுத்தி ஆறவைத்துக்கொண்டால் அதிலுள்ள ஈரமும் போகும், பச்சை வாடையும் போகும். குறிப்புகளில் பாதி மாவு, பாதி பொடித்த சர்க்கரை என்பார்கள். சர்க்கரை ஈரத்தை இழுத்துக் கசியும். ஸ்டார்ச்தான் அந்த ஈரத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு காய்ந்த தோல் மாதிரி நிற்கும். நான் மூன்று பங்கு மாவுக்கு ஒரு பங்கு சர்க்கரை போடுகிறேன். மே மாதத்தில் எங்கள் அடுக்களையில் எதுவும் கட்டாது என்பதால் ராத்திரி ஏசி அறையில் வைத்தோம். காலையில் தட்டைக் கவிழ்த்தால், ஒரே துண்டாகச் சத்தமில்லாமல் விழுந்தது. கத்தியிலும் மாவு தொட்டு வெட்டினோம். வெட்டுப்பக்கங்களை மறுபடி மாவில் புரட்டினோம். அழுத்தினால் அமுங்கி எழும்பியது. பேத்தி குதித்த குதியை இங்கே எழுத முடியாது.

இவ்வளவும் சரியாகச் செய்தவன் தப்புச் செய்தது அன்று சாயங்காலம் திண்ணையில்.

டப்பாவைத் திறந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாயில் போட்டுவிட்டுக் கண்ணை விரித்து, "என்ன சார் இது? எதுல செஞ்சது?" என்று கேட்டாள். வாத்தியார் புத்தி. பதில் சுவாரஸ்யமாக இருக்க வேண்டும் என்று, "சர்க்கரை, தண்ணீர், காற்று. மூணே மூணு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பாதிக்கு மேல் காற்றுதான் என்று விளக்கி, நுரை என்றால் என்ன என்று ஒரு பாடமும் எடுத்தேன். நல்ல பாடம்தான். சுவர் போல் அந்தக் காற்றைப் பிடித்து நிறுத்துவது எது என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மை என்னவென்றால், 'சொன்னால் யாராவது முகம் சுளிப்பார்களோ' என்று ஒரு கணம் மனதில் ஓடியது. அது எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் பாட்டி வந்தார்கள். முட்டைகூடச் சேர்க்காத வீடு அது. வாசலிலேயே நின்று, "சார், நீங்க கொடுத்த வெள்ள மிட்டாய்ல எலும்பு சேர்க்கறதாம். பெரிய பேரன் போன்ல பாத்துட்டுச் சொல்றான். நெசந்தானா?" என்று கேட்டார்கள்.

"ஆமாம்மா. எலும்பை அப்படியே போடறதில்லை. எலும்பு, தோலிலிருந்து எடுக்கற ஜெலட்டின்னு ஒண்ணு."

"நீங்க சொல்லலியே சார்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்கள் கோபமாகவும் இல்லை. "நீங்க குடுத்தா எதுவும் கேக்க வேண்டாம்னு பிள்ளைங்க கிட்ட நான்தான் சொல்லி வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பெண் பத்து நாள் பாடத்துக்கு வரவில்லை.

இதற்கு மேல் எழுதுவதெல்லாம் அந்தப் பத்து நாளில் நான் யோசித்தது.

ஜெலட்டின் என்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் மார்ஷ்மெல்லோவோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஆட்டுக்கால் சூப் வைக்கும் வீடுகளுக்கு இது புதிது அல்ல. மிச்சச் சூப்பைப் பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை கட்டியாக ஆடும். அடுப்பில் வைத்ததும் மறுபடி தண்ணீராகும். ஆட வைப்பது ஜெலட்டின். எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை அமிலத்திலோ சுண்ணாம்பிலோ ஊறவைத்து, வெந்நீரில் இறக்கி, வடிகட்டி, உலர்த்தித் தூளாக்கினால் கடையில் விற்கும் ஜெலட்டின். உலகச் சந்தையில் மாட்டுத்தோல், மாட்டெலும்பு, பன்றித்தோல் மூன்றிலிருந்தும் வருகிறது; மீன்தோலிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. ஆக, இது சைவ வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. கறி சாப்பிட்டாலும் மாட்டிறைச்சி சேர்க்காத வீடு உண்டு. என் திண்ணையில் இருந்த இரண்டு முஸ்லிம் பிள்ளைகளின் வீட்டில் பன்றி அறவே கூடாது. மாடு என்றாலும் எப்படி அறுத்தது என்று கேட்பார்கள். நான் வாங்கிய பொட்டலத்தில் 'உண்ணத்தக்க ஜெலட்டின்' என்ற பொருள்படத்தான் அச்சிட்டிருந்தது. எந்தப் பிராணி என்று இல்லை. எனக்கே தெரியாத ஒன்றை எட்டு வீட்டுப் பிள்ளைகளின் வாயில் போட்டிருக்கிறேன்.

கடையில் வாங்குகிறவனுக்காவது ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நம் நாட்டில் பொட்டலத்தின் மேல் சைவம் என்றால் பச்சைக் குறி, அசைவம் என்றால் பழுப்புக் குறி இருந்தாக வேண்டும். ஜெலட்டின் போட்ட மார்ஷ்மெல்லோவுக்குப் பழுப்புக் குறிதான். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிகூட நிறத்தைப் பார்த்து வாங்கலாம், விடலாம். வீட்டில் செய்து எவர்சில்வர் டப்பாவில் நீட்டுகிற மார்ஷ்மெல்லோவுக்கு அந்தக் குறி கிடையாது. கொடுக்கிறவன் வாய்தான் குறி. நான் கொடுத்த டப்பாவில் பச்சைக்குறி ஒட்டிக் கொடுத்ததற்குச் சமம் நான் சொன்ன பதில்.

என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மாத்திரைக் குப்பியே ஜெலட்டின்தான்யா. காய்ச்சல் வந்தா எல்லா வீட்லயும்தான் முழுங்குறாங்க. அப்ப யாரு கேக்குறா? இதைப் போய்ப் பெரிசாக்குறீரே" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கேப்சூல் ஓடுகள் பெரும்பாலும் ஜெலட்டின்தான். ஆனால் மருந்துக்கு வேறு வழி இல்லாதபோது மனிதர்கள் தங்களுக்குள் ஒரு சமாதானம் செய்துகொள்கிறார்கள். அந்தச் சமாதானத்தைச் செய்துகொள்வது அவர்கள் உரிமை. அவர்களுக்காக நான் செய்துவைக்கக் கூடாது. அதுவும் ஒரு மிட்டாய்க்காக. 'தெரியாமல் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது' என்பது உடம்புக்குச் சரி. அந்தப் பாட்டி என்னிடம் கேட்டது உடம்பைப் பற்றி அல்லவே.

இன்னொரு யோசனை எல்லோரும் சொன்னது: "ஜெலட்டினுக்குப் பதில் அதே அளவு சைனா கிராஸ் போட்டுடுங்க, சைவமாயிடும்." வீடியோக்களிலும் இதையே சொல்கிறார்கள். பேத்தி ஊருக்குப் போனபின் தனியாக இதைச் செய்து பார்த்தேன். இதைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பொய்யான ஆறுதல். கடற்பாசி கடற்பாசிதான், அது ஜெலட்டின் செய்கிற வேலையில் பாதியைத்தான் செய்யும்.

ஜெலட்டின் மார்ஷ்மெல்லோவில் இரண்டு வேலை பார்க்கிறது. அடிக்கும்போது, புரதமாகையால், ஒவ்வொரு காற்றுக் குமிழையும் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்து, குமிழ் உடையாமல் காக்கிறது. எங்கள் ஊர் மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு பார்க்கிற அதே வேலை. அப்புறம் ஆறும்போது குமிழ்களுக்கு இடையில் உள்ள பாகை ஜெல்லியாகக் கட்டி நிறுத்துகிறது. சைனா கிராஸ், அதாவது அகார், ஒரு கார்போஹைட்ரேட் வகை; புரதம் அல்ல. கட்டுகிற வேலையை நன்றாகவே செய்யும். குமிழ் பிடிக்கிற வேலை அதற்குத் தெரியாது. பதினைந்து நிமிஷம் அடித்தும் என் பாத்திரத்தில் நுரை நிற்கவில்லை. 40 டிகிரிப் பக்கம் வந்ததும் திடீரென்று இறுகி, பீட்டர் கம்பியில் துண்டு துண்டாக நொறுங்கியது. அதே அளவு போட்டதால் கல் போல் வேறு ஆகிவிட்டது. அகார் அதில் கால்வாசி இருந்தாலே போதும்.

வாயில் போட்டாலும் வித்தியாசம் தெரியும். ஜெலட்டின் நம் உடம்புச் சூட்டிலேயே இளகும். அதனால்தான் மார்ஷ்மெல்லோ நாக்கில் கரைகிறது. அகார் ஒருமுறை கட்டினால் 85 டிகிரி வரை உருகாது. மென்றுதான் விழுங்க வேண்டும். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைக் கெட்டியாக்கி அடித்து நுரையை அதில் பிடித்து, கட்டுவதற்கு அகார் சேர்த்தால் ஓரளவு வருகிறது; அதில் ஓரளவு புரதம் இருக்கிறது. செய்து பார்த்தேன். பஞ்சாக இருந்தது, எழும்பவில்லை. இரண்டாம் நாள் அடியில் நீர் விட்டது. மோசம் இல்லை. ஆனால் அதை மார்ஷ்மெல்லோ என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டாவது பொய் ஆகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்ஷ்மெல்லோ என்பது முதலில் ஒரு செடியின் பெயர். ஐரோப்பாவில் சதுப்பு நிலங்களில் வளரும் செடி. நம் செம்பருத்தி, வெண்டை, பருத்தி எல்லாம் சேர்ந்த குடும்பம். அதன் வேரில் வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி ஒன்று உண்டு. தொண்டை வலிக்கு அதைக் கொடுத்து வந்தார்கள். பிரான்சில் மிட்டாய்க்காரர்கள் அந்த வேர்ச்சாற்றைச் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அடித்து மிட்டாய் ஆக்கினார்கள். கையால் நெடுநேரம் அடிக்கும் வேலை. போகப் போக வேர் போய் ஜெலட்டின் வந்தது, மலிவு, வேகம். 1950களில் அமெரிக்காவில் குழாய் வழியாகப் பிதுக்கி நீள நீளமாக வெட்டும் இயந்திரம் வந்தபிறகு இன்று நாம் பார்க்கும் உருளை வடிவம் நிலைத்தது. செடி இப்போது பெயரில் மட்டும்தான் இருக்கிறது. பெயரைக் கேட்டு 'ஏதோ செடியில் செய்தது' என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

"இவ்வளவு வம்பு எதற்கு, செய்யாமலே இருந்துவிடலாமே" என்று என் மனைவி கேட்டாள். சர்க்கரை வியாதிக்காரன் வீட்டில் அரைக்கிலோ சர்க்கரைப் பலகாரம் எதற்கு என்பதும் அவள் கேள்வியில் அடக்கம். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். நுரை, புரதம், கொதிநிலை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் பிள்ளைகளுக்குக் காட்டும் சாமான் வேறு எனக்குத் தெரியவில்லை. அதோடு, ஜெலட்டினை மறைக்காமல் சொன்னால் பாடம் இன்னும் பெரிதாகிறது. அன்னாசிப் பழத்தைப் பச்சையாக அரைத்துச் சேர்த்தால் ஏன் கட்டவே கட்டாது? ஏனென்றால் அன்னாசியிலும் பப்பாளிக் காயிலும் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது; கறி வேகப் பப்பாளிக்காய் போடுவது அதற்காகத்தான். ஜெலட்டின் பிராணியின் புரதம் என்று சொல்லாமல் இதை எப்படி நடத்துவது? நான் மறைத்தது பாட்டியிடமிருந்து மட்டும் இல்லை, பாடத்திலிருந்தும்தான்.

ஒரு சிறு எச்சரிக்கை, இடையில் சொல்ல மறந்தது: நாலு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இதை முழுதாகக் கொடுக்காதீர்கள். எந்த வீடானாலும் சரி. மெத்தென்று இருப்பதால் பயமில்லை என்று தோன்றும். தொண்டையில் அடைத்தால் அந்த மெத்துதான் வினை, அழுத்திக்கொண்டு மூடிவிடும்.

பதினோராம் நாள் நான் பாட்டி வீட்டுக்குப் போனேன். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. பாட்டி காபி கொடுத்தார்கள். பேத்தியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் வந்து, வழக்கமாக உட்காரும் தூண் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்தேன். மீன் ஜெலட்டின் தேடிப் பார்த்தேன், எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை, பழைய பொட்டலம்தான். டப்பா மூடியில் ஒரு தாளை ஒட்டி, 'ஜெலட்டின் உண்டு. மாடோ பன்றியோ தெரியாது' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். பக்கத்திலேயே தேங்காய் பர்பி ஒரு தட்டு. எட்டுப் பேரில் மூன்று பேர் டப்பாவில் கை வைத்தார்கள், ஐந்து பேர் பர்பி எடுத்துக்கொண்டார்கள். போன தடவை டப்பா பத்து நிமிஷத்தில் காலியானது. இந்தத் தடவை முக்கால்வாசி மிச்சம்.

அந்தப் பெண் பர்பியைக் கடித்துக்கொண்டே மூடியில் இருந்ததை இரண்டு தடவை படித்துவிட்டு, "சார், மாடா பன்றியான்னு தூளைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்டாள். வீட்டில் வைத்து முடியாது, ஆய்வுக்கூடத்தில் முடியும் என்றேன். எப்படி என்று கேட்டாள். அதற்கு டி.என்.ஏ. என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க வேண்டும்.